ஆத்தங்குடி கல் விளம்பரம்: இரண்டு தலைப்பில் எதைச் சோதிக்கலாம்?

கல்பட்டறை:
காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி கல் வார்க்கிற பட்டறை நம்மளது. ஃபேஸ்புக்கில் இப்போ ஓடுற தலைப்பு "ஆத்தங்குடி கல், பட்டறை விலைக்கே". அதைத் தட்டி வாட்ஸ்அப்புக்கு வர்ற 100 பேரில் நாலு பேர்தான் தரை அளவு சொல்லி விலை கேட்கிறாங்க. புதுசா ரெண்டு எழுதியிருக்கேன்:

அ) "ஆத்தங்குடி கல், இந்த மாதம் 15% தள்ளுபடி"
ஆ) "துடைக்கத் துடைக்க மெருகேறும் ஆத்தங்குடி கல்"

கையில் இருக்கிற காசுக்கு ஒண்ணைத்தான் பழைய தலைப்போடு ஓட்டிப் பார்க்க முடியும். எதை எடுக்கலாம்?

தேவகோட்டை ஜவுளி:
யோசிக்காம தள்ளுபடியைப் போடுங்கண்ணே. எங்க கடையில் அதைப் போட்டாலே கிளிக் ஏறுது.

பலகார ஆச்சி:
படத்தை மாத்துப்பா. தாம்பாளத்துல மனகோலத்தைக் குவிச்சு எடுத்த படம் போட்ட பிறகுதான் எங்களுக்கு ஆர்டர் வந்துச்சு.

மதுரை விளம்பரம்:
ஆச்சி, படத்தையும் சேர்த்து மாத்தினா எதனால ஆள் வந்தாங்கன்னே தெரியாது. படம், ஊர், செலவு எல்லாம் அப்படியே இருக்கட்டும். தள்ளுபடிக்குக் கிளிக் ஏறும், சரிதான். ஆனா அண்ணனுக்கு வேண்டியது அளவு சொல்லிக் கேட்கிற ஆள். அண்ணே, வாங்காமப் போறவங்க கடைசியா என்ன கேட்கிறாங்க?

கல்பட்டறை:
"பளபளப்பு போயிருமா, பராமரிக்கக் கஷ்டமா"ன்னுதான் அதிகம். விலையைக் கேட்டு ஒதுங்குறவங்க கொஞ்சம் பேர்.

மதுரை விளம்பரம்:
அப்போ ஆ-வைச் சோதிங்க. அவங்க தயங்குற இடத்துக்கே அது பதில் சொல்லுது. அ ஜெயிச்சா, தள்ளுபடியை நிறுத்துற அன்னிக்கு அந்தப் பலனும் நின்னுரும். அதுவரைக்கும் 15% உங்க லாபத்துல போகும். ஒண்ணு, "கறையே படியாது"ன்னு மட்டும் நீட்டிராதீங்க. எலுமிச்சைச் சாறோ ஆசிடோ பட்டா சிமெண்ட் கல் அரிக்கும்.

ரெண்டு விளம்பரத்தையும் ஒரே தொகுப்புல சும்மா போட்டா, முதல்ல ஓடினதுக்கே ஃபேஸ்புக் காசைத் தள்ளிரும். ஏ/பி டெஸ்ட் வசதியில போடுங்க, ஆட்களைச் சமமாப் பிரிக்கும். 4 பேர் 8 ஆகுதான்னு நம்பிச் சொல்ல, தலைப்புக்கு 550-லிருந்து 600 கிளிக்காவது வேணும்.

கல்பட்டறை:
நமக்குத் தலைப்புக்கு ஒரு நாளைக்கு 20 கிளிக்தான் வரும். ஒரு வாரத்துல ஆ முந்தினா நிறுத்திரலாமா?

மதுரை விளம்பரம்:
வேண்டாம்ணே. ஒரு வாரத்துல 140 கிளிக்தான். அதுல பழசுக்கு 5, புதுசுக்கு 9ன்னு வந்தா, அடுத்த வாரமே தலைகீழா மாறலாம். ஒரு மாசம் விடுங்க.

தேவகோட்டை ஜவுளி:
மாசக் கடைசி ஆடியில விழுதே, யார் புதுமனை புகுவாங்க?

மதுரை விளம்பரம்:
ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுறதால அந்த மந்தம் ரெண்டுக்கும் பொது. கேட்கிற ஆள் ரொம்பக் குறைஞ்சா இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக்கலாம். அதை இப்பவே முடிவு பண்ணிருங்க.

கல்பட்டறை:
ஆ-வையே போடுறேன். அளவு கேட்டவங்களை எண்ணுறதா, முன்பணம் கட்டினவங்களை எண்ணுறதா? முன்பணம் வர ரெண்டு மூணு மாசம்கூட ஆகுது.

பலகார ஆச்சி:
காசு கைக்கு வந்ததைத்தான் எண்ணணும்.

மதுரை விளம்பரம்:
ஆச்சி சொல்றது நியாயம்தான், ஆனா அத்தனை மாசம் காத்திருக்க முடியாது. இப்போதைக்கு அளவு கேட்டவங்களை வச்சு முடிவெடுங்க. யார் எந்தத் தலைப்புல வந்தாங்கன்னு மட்டும் நோட்டுல குறிச்சு வைங்க.