மடித்த கைச்சட்டை ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது: கோடா, நிழலா?

கவின்: மாமாவின் படத்தை வாட்டர்கலரில் வரைகிறேன், ஏ3 தாள். நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, முன்கையைக் கிடையாக நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் ஜன்னல். வெளிர் நிறக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு, மேல் பட்டன் இரண்டும் திறந்திருக்கின்றன. தோலும் துணியும் சேரும் இடம் மட்டும் வெட்டி ஒட்டிய மாதிரியே வருகிறது. வகுப்பில் சார் துணியின் ஓரம் முழுக்கக் கருங்கோடு இழுக்கச் சொல்கிறார். நண்பன் கோடே கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?

தூரிகை_துரை: நண்பர் சொல்வதுதான் சரி. இயற்கையில் கோடு கிடையாது. துணி தோலைத் தொடும் இடத்தில் அடர்ந்த நிழல், அங்கிருந்து விலக விலக மங்கிக் கரையும். எந்த வெளிச்சத்திலும் இதுதான் விதி. ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள், ஸ்டிக்கர் போய்விடும்.

மீனா_சுப்பு: எனக்கும் இதே தொல்லைதான். வீட்டுக்காரருக்குக் காலர் படும் இடத்தில் கழுத்தைச் சுற்றிக் கறுத்துப்போய்விட்டது. கடலை மாவு, தயிர் எல்லாம் போட்டாச்சு. கஞ்சி போடாமல் துவைத்தால் சரியாகுமா?

தூரிகை_துரை: அம்மா, இங்கே ஓவியத்தில் வரும் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மீனா_சுப்பு: ஓ! சரி சரி, நடத்துங்க.

ஊசிநூல்: தம்பி, நான் சட்டை தைக்கிறவன். படம் வரையத் தெரியாது, ஆனா சட்டை எங்க நிக்கும், எங்க படியும்னு தெரியும். முழுக்கைச் சட்டையோட கஃப்ல, அதான் மணிக்கட்டுப் பட்டியில, ரெண்டு துணி, நடுவுல விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ். அதை ரெண்டு தடவ மடிச்சா நாலு அடுக்கு துணி சேருது, கேன்வாஸ் வேற. அந்தக் கனம் கையில ஒட்டாது, வளையமா நிக்கும். மடிச்ச விளிம்பு உருண்டுதான் இருக்கும், கத்தி மாதிரி வராது. அரைக்கைச் சட்டைன்னா ஓரத்தை மடக்கி ஒரு தையல்தான், அதான் மெல்லிசா இருக்கும். நிறைய பேர் மடிச்ச கையையும் அரைக்கை மாதிரியே வரையறாங்க. சட்டை பார்த்துப் பழகின கண்ணுக்கு உடனே உறுத்தும்.

செம்பியன்: ஊசிநூல் அண்ணன் சொன்னதில்தான் பாதி விடை இருக்கிறது. நான் இருபது வருடமாக முகமும் கையும் வரைந்து பிழைப்பவன். கோடு, நிழல் சண்டையை ஒதுக்கிவிட்டு முதலில் துணி எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பாருங்கள் கவின்.

மாமாவின் முன்கை கிடையாக இருக்கிறது. மடிப்பு ஒரு தளர்ந்த வளையம். அதன் எடை கையின் மேல்பக்கத்தில் உட்காரும், அடிப்பக்கத்தில் தொங்கும். ஆகவே மேலே துணி தோலைத் தொடுகிறது. அங்கே நிழல் ஒரு மெல்லிய இழை, சில இடத்தில் அதுவும் இல்லை. கீழே விரல் நுழையும் இடைவெளி. அங்கே வெளிச்சம் போகாது, படத்திலேயே கனத்த இருட்டு அதுதான். ஒரே விளிம்புதான், ஆனால் மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கி, பக்கவாட்டில் வளைந்து இறங்கும்போது தடித்து, அடியில் குழியாகிறது. இதைச் சுற்றிலும் ஒரே அளவாக இழுத்தாலும் ஸ்டிக்கர்தான், ஒரே அளவாகக் கரைத்தாலும் ஸ்டிக்கர்தான்.

இரண்டாவது, வளையத்தின் வாய். கை தொங்கிக்கொண்டிருந்தால் வாய் தரையைப் பார்க்கும், உள்ளே தெரியாது, விளிம்பு கீழ்நோக்கி வளையும். முன்கையை உயர்த்திக் கன்னத்தில் வைத்தால் வாய் மேலே திறக்கும், கைக்குப் பின்னால் போகும் துணியின் உட்புறமும் தெரியும். மாமாவின் கை உங்களை நோக்கி நீண்டிருந்தால், கைக்கு இருபுறமும் அந்த உட்புறம் கொஞ்சமாவது தெரிந்தே ஆக வேண்டும். நேர்கோடாக வெட்டினால் கை துணிக்குள்ளிருந்து வராது, துணி முடிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

துரை சொன்ன 'எந்த வெளிச்சத்திலும்' என்பதை மட்டும் ஏற்க முடியாது. நிழல் கரைவது வெளிச்சத்தின் அகலத்தைப் பொறுத்தது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். துணி தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் நிழலின் ஓரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மங்கும், கண்ணுக்குக் கத்தி வெட்டு. அதே ஒரு சென்டிமீட்டர், ஒரு மீட்டர் அகல ஜன்னல் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் ஐந்து மில்லிமீட்டர் வரை கரையும். கவினுக்கு ஜன்னல் என்பதால் துரையின் யோசனை பலிக்கும். வெயிலில் நிற்பவரை வரைந்தால் பலிக்காது.

தூரிகை_துரை: கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் உச்சி வெயிலில் எடுத்த போட்டோவிலும் கழுத்தடி நிழல் மென்மையாகத் தெரிகிறதே?

செம்பியன்: ஓரம் மங்கவில்லை, உள்ளே வெளிச்சம் ஏறுகிறது. வெள்ளைச் சட்டையில் பட்ட வெயில் திரும்பித் தாடைக்கடியில் அடிக்கும். நிழலின் நடுப்பகுதி வெளுக்கும், ஓரம் கூர்மையாகவே இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள்.

தூரிகை_துரை: பார்க்கிறேன். எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

ஊசிநூல்: காலரைப் பத்தி யாரும் பேசலியே. மேல் பட்டன் போட்டிருந்தா காலரைத் தாங்குற பட்டி, அதான் காலர் ஸ்டாண்ட், கழுத்தைச் சுத்தி ஒரே வளையமாப் பிடிக்கும், பின்னால உசந்து முன்னால தொண்டைக்குழிக்கு இறங்கும். ரெண்டு பட்டன் கழட்டினா பிடி போச்சு. பிடரியிலயும் கழுத்தோட பக்கத்துலயும்தான் துணி படும். முன்பட்டி ரெண்டும் நெஞ்சை விட்டு எழும்பி நிக்கும்.

செம்பியன்: அதையே வெளிச்சத்தோடு சேர்த்துப் பாருங்கள் கவின். ஜன்னல் இடப்பக்கம். ஜன்னலை ஒட்டிய முன்பட்டி வெளிச்சத்தை மறைத்து நெஞ்சில் அகலமான நிழலை விழவைக்கும். எதிர்ப்பட்டியின் உட்புறம் ஜன்னலைப் பார்க்கிறது, பளிச்சென்று இருக்கும். அங்கே தோலும் துணியும் சந்திக்கும் இடத்தில் நிழலே இல்லை, நிற வேறுபாடு மட்டும்தான். அந்தப் பக்கமும் கருங்கோடு இழுத்தால் ஜன்னலையே அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம். தோலை நெருங்கும் இடத்தில் நீலத்தைக் குறையுங்கள், அங்கே மாநிறத் தோல் செம்மை காட்டும்.

பேனர்_பாபு: எல்லாரும் சாரைக் குத்தவாளியாக்காதீங்க. ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி நாங்க கட்அவுட் எழுதின காலத்துல கோடு இல்லாம எதுவும் நிக்காது. நாப்பது அடி தள்ளி ரோட்டுல போறவன் பாக்கணும். நீங்க சொல்ற செம்மையும் இழை நிழலும் அங்கிருந்து சேறாத்தான் தெரியும். கோடு போடலாம், தடிச்சு மெலிஞ்சு போடணும், அவ்ளோதான்.

செம்பியன்: ரோட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன் பாபு அண்ணே. ஏ3 தாளைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். தடித்து மெலிந்தாலும் கோடு கோடாகவே தெரியும்.

பேனர்_பாபு: மூங்கில் பேனாவுல மெலிஞ்சு ஓடுற கோட்டை நீங்க பாத்ததில்ல போல. சார் வகுப்புல முதல்ல கோடு போடச் சொல்றார்னா, விளிம்பு எங்க இருக்குன்னு பையன் கண்டுபிடிக்கட்டும்னுதான் சொல்வார். அதைக் கரைக்கறது அடுத்த வருஷப் பாடம்.

கவின்: எல்லோருக்கும் நன்றி. போட்டோவைத் திரும்பப் பார்த்தேன், கைக்கு அடியில் அந்த இருட்டுக் குழி இருக்கிறது. நான் அங்கேயும் தோல் நிறத்தையே பூசியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: மடித்தபின் வெளியே தெரிவது துணியின் உட்புறம்தானே? கட்டத்தை வெளிறலாகப் போட வேண்டுமா?

ஊசிநூல்: அது துணியைப் பொறுத்தது தம்பி. நூலுக்கே சாயம் ஏத்தி நெய்த கட்டம்னா உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி இருக்கும். மேல அச்சடிச்ச கட்டம்னாத்தான் உள்பக்கம் வெளிறும். இன்னொண்ணு, ரெண்டு மடிப்பும் கஃப் அகலத்துக்கே மடிச்சிருந்தா கஃப் உள்ள போயிடும், வெளிய தெரியறது கைத்துணிதான். பட்டன், காஜா எதையும் அங்க வரையாத. மாமாகிட்ட சட்டையை வாங்கி ஒரு தடவ மடிச்சுப் பாரு.

பேனர்_பாபு: கட்டத்தை நேரா இழுத்துடாதே. வளையத்தோட சேர்ந்து வளையணும். அதுக்கும் கோடு போடத் தெரியணும்!