மூன்று நாள் தாமதமான 2,000 ரூபாய்க்கு 1,672.77 ரூபாய் வட்டியா? கடன் அட்டை அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவி தேவை

புதியவர்27:
வணக்கம். என் கடன் அட்டையின் கணக்கு ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி தொடங்கி, அடுத்த மாதம் 5ஆம் தேதி முடிகிறது. ஜூன் 5ஆம் தேதியிட்ட அறிக்கையில் மொத்த நிலுவை 40,000 ரூபாய் என்றும், குறைந்தபட்சத் தொகை 2,000 ரூபாய் என்றும், பணம் செலுத்தக் கடைசி நாள் ஜூன் 25 என்றும் இருந்தன. அதில் 30,000 ரூபாய் மே 10 அன்றும், 10,000 ரூபாய் மே 28 அன்றும் செலவழித்தவை.

வாங்கியவற்றுள் 2,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளை ஜூன் நடுவில் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் எப்படியும் அட்டைக் கணக்குக்கே வந்து சேரும் என்பதால், அதைக் கழித்துக்கொண்டு ஜூன் 25 அன்று 38,000 ரூபாய் செலுத்தினேன். திரும்ப வர வேண்டிய 2,000 ரூபாய் ஜூன் 28 அன்று வரவாகியிருக்கிறது. ஜூன் 30 அன்று புதிதாக 5,000 ரூபாய்க்கு ஒரு செலவு செய்தேன்.

ஜூலை 5 அறிக்கையில் 'வட்டி 1,672.77' என்று ஒரு வரி வந்திருக்கிறது. மொத்த நிலுவை 6,672.77. தாமதக் கட்டணம் எதுவும் இல்லை. வட்டி மாதத்திற்கு 3 சதவீதம், ஆண்டுக்கு 36 சதவீதம் என்று கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மூன்று நாள் வட்டி என்றால் ஆறு ரூபாய்கூட வராதே! இது கணினிப் பிழையா, அல்லது நான்தான் அறிக்கையைத் தவறாகப் படிக்கிறேனா?

வழிப்போக்கன்:
இது வங்கியின் தவறாகத்தான் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையான 2,000 ரூபாயைக் கடைசி நாளுக்குள் கட்டிவிட்டாலே கணக்கு ஒழுங்காக இருப்பதாகத்தான் பொருள். நீங்கள் அதைப் போலப் பத்தொன்பது மடங்கு கட்டியிருக்கிறீர்கள். உடனே புகார் எழுதுங்கள். வட்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

மழைத்துளி:
எனக்கும் இதே பிரச்சினை வந்தது. கடைசி நாளன்று இரவு வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினேன். இடையில் விடுமுறை வந்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் வரவு வைத்தார்கள், தாமதக் கட்டணமும் போட்டுவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய பணம் உண்மையில் எந்த நாளில் வரவானது என்று பார்த்தீர்களா?

புதியவர்27:
பார்த்தேன். 38,000 ரூபாய் ஜூன் 25 அன்றே வரவாகியிருக்கிறது. தாமதக் கட்டணமும் எனக்கு இல்லை. எனவே உங்கள் பிரச்சினை வேறு என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, புகார் எழுதும் முன் இந்த வட்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நீங்கள் கொடுத்த தேதிகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பைசா பிசகாமல் பொருந்துகிறது.

கடன் அட்டையில் வட்டியில்லாமல் கிடைக்கும் அவகாசம் நிபந்தனையோடு வரும் சலுகை. அறிக்கையில் உள்ள மொத்த நிலுவையைக் கடைசி நாளுக்குள் முழுவதுமாகக் கட்டினால் மட்டுமே அது நிற்கும். ஒரு ரூபாய் குறைந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி அந்தச் சலுகை முழுவதும் விலகிவிடும். விலகியதும், கட்டாமல் விட்ட 2,000 ரூபாய்க்கு மட்டும் வட்டி போடுவதில்லை. ஒவ்வொரு செலவுக்கும் அதைச் செய்த நாளிலிருந்தே, கடன் உண்மையில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வட்டி போடுகிறார்கள். உங்கள் 30,000 ரூபாய் மே 10 முதல் ஜூன் 24 முடிய 46 நாள் கடனாக நின்றது. 10,000 ரூபாய் மே 28 முதல் 28 நாள் நின்றது. மிச்சமிருந்த 2,000 ரூபாய் ஜூன் 25, 26, 27 ஆகிய மூன்று நாள் நின்றது. சலுகை போய்விட்டதால் ஜூன் 30 அன்று செய்த புதுச் செலவுக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கி, ஜூலை 5 வரை ஆறு நாள் ஆகியிருக்கிறது.

```
30000 × 0.36 × 46 ÷ 365 = 1361.10
10000 × 0.36 × 28 ÷ 365 =  276.16
 2000 × 0.36 ×  3 ÷ 365 =    5.92
 5000 × 0.36 ×  6 ÷ 365 =   29.59
                   மொத்தம் 1672.77
```

நீங்கள் எதிர்பார்த்த 'ஆறு ரூபாய்கூட வராத' வட்டி மூன்றாவது வரியில் அப்படியே இருக்கிறது. மற்ற மூன்று வரிகளைத்தான் நீங்கள் எதிர்பார்க்கவில்லை.

திரும்ப வந்த பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கை அச்சாகிவிட்டால் அதில் உள்ள மொத்த நிலுவை அந்த மாதத்துக்கு உறைந்துபோன தொகை. பொருளைத் திருப்பி அனுப்பிய நாளை வங்கி அறியாது. விற்றவர் அனுப்பும் பணம் அட்டைக் கணக்கில் வரவாகும் நாள்தான் அதற்குக் கணக்கு. கடைசி நாளுக்கு முன்பே வரவானால்கூட, அதை நீங்கள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். 40,000 ரூபாயையும் கட்டியிருந்தால் உங்கள் கணக்கில் 2,000 ரூபாய் கூடுதலாக நின்று, ஜூன் 30 செலவில் தானாகக் கழிந்திருக்கும்.

வழிப்போக்கன் அவர்கள் சொன்னதில் பாதி சரி. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் தவணை தவறியவர் என்ற பதிவும் வராது. ஆனால் வட்டியை அது தடுக்காது. 40,000 ரூபாய் நிலுவைக்கு 2,000 ரூபாய் மட்டும் கட்டியிருந்தால், மீதமுள்ள 38,000 ரூபாய்க்கு அடுத்த முப்பது நாளில் மட்டும் ஏறத்தாழ 1,124 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். அதாவது அடுத்த மாதமும் 2,000 ரூபாய் கட்டினால், அதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

வழிப்போக்கன்:
தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன் என்று தெரிகிறது. ஆயினும் கட்டி முடித்த 38,000 ரூபாய்க்குப் பின்னோக்கி வட்டி வாங்குவது நியாயமில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

கடல்கடந்தவன்:
நான் அமெரிக்காவில் வாங்கிய அட்டையைப் பயன்படுத்துகிறேன். ஒரு முறை இப்படிச் சிறிய தொகை விட்டுப்போனபோது, விட்டுப்போன தொகைக்கு மட்டும்தான் வட்டி போட்டார்கள். எனவே கணக்குப்பிள்ளை சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

கணக்குப்பிள்ளை:
சரியான திருத்தம். அந்த நாட்டில் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டம், அவகாசத்துக்குள் கட்டிவிட்ட பகுதிக்கு இப்படிப் பின்னோக்கி வட்டி வாங்குவதைத் தடுத்துவிட்டது. அப்படிப்பட்ட விதி இல்லாத இடங்களில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். புதியவரின் வங்கி எந்த முறையைக் கையாள்கிறது என்பதை அந்த 1,672.77 என்ற தொகையே காட்டிக்கொடுத்துவிட்டது. அது ஒப்பந்தத்திலும் அதே வடிவில் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். வழிப்போக்கன் அவர்களின் நியாயக் கேள்வியை அந்தச் சட்டத்தை இயற்றியவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

புதியவர்27:
மிக்க நன்றி, ஐயா. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். 'மொத்த நிலுவை முழுவதுமாகச் செலுத்தப்படாவிடில், செலவு செய்த நாள் முதல் வட்டி விதிக்கப்படும்' என்ற பொருளில் ஒரு பத்தி, பதினோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. இனி 6,672.77 ரூபாயை ஜூலை 25 அன்று கட்டிவிட்டால் இந்தக் கதை முடிந்துவிடும் அல்லவா?

கணக்குப்பிள்ளை:
முடியாது, இன்னும் ஒரு வால் இருக்கிறது. சலுகை இல்லாத நிலையில் வட்டி நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூலை 5 அறிக்கை அன்று வரையிலான வட்டியை மட்டுமே காட்டும். 6ஆம் தேதியிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை ஓடும் வட்டி ஆகஸ்ட் அறிக்கையில்தான் தெரியும். 25ஆம் தேதி வரை காத்திருந்தால் 19 நாள் வட்டி. 5,000 ரூபாய்க்கு அது 93.70 ரூபாய். கடைசி நாள் என்பது வட்டியில்லாதவருக்குத்தான் பயன். இப்போது உங்களுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செலவுதான். இன்றே கட்டிவிடுங்கள். வாடிக்கையாளர் சேவையில், 'இன்றைய தேதிக்குக் கணக்கை முழுவதுமாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும்' என்று கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் வட்டியையும் சேர்த்துச் சொல்வார்கள். வட்டி வரி இல்லாத அறிக்கை ஒன்று கைக்கு வரும் வரை அந்த அட்டையைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் புதுச் செலவுக்கும் அன்றே வட்டி ஓடக்கூடும்.

புதியவர்27 (ஆகஸ்ட் 7):
நீங்கள் எழுதியதை நான் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அதற்குள் ஜூலை 25 அன்று 6,672.77 ரூபாயைக் கட்டிவிட்டிருந்தேன். இடையில் அட்டையை எடுக்கவே இல்லை. ஆகஸ்ட் 5 அறிக்கை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன வாலும் வந்துவிட்டது. ஆனால் 93.70 ரூபாய்க்குப் பதிலாக 125.05 ரூபாய் என்று இருக்கிறது. மற்றபடி ஒரு கட்டணமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
போட்டுப் பார்த்தேன். 125.05 என்பது 6,672.77 ரூபாய் முழுவதற்கும் 19 நாள் வட்டி. அதாவது 5,000 ரூபாய்ச் செலவோடு, ஜூலையில் விதித்த 1,672.77 ரூபாய் வட்டியையும் அசலாகச் சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். வட்டிக்கு வட்டி விதிக்கலாமா என்பது ஒப்பந்தத்தையும், அந்த இடத்தின் வங்கி விதிகளையும் பொறுத்தது. இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வித்தியாசம் 31.35 ரூபாய்தான் என்றாலும், 'கட்டப்படாத வட்டி அசலோடு சேர்க்கப்படும்' என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை மட்டும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். முதல் வட்டியைப் பிழை என்று எழுதாதீர்கள், அது நிற்காது. முதல் முறை நேர்ந்தது, பணம் திரும்ப வரத் தாமதமானதே காரணம் என்று சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். சில வங்கிகள் ஒரு முறை இரங்கும்.

மழைத்துளி:
எனக்குத் தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், வட்டியைத் தரவில்லை. அது அப்போது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

புதியவர்27:
125.05 ரூபாயை இன்று காலையிலேயே கட்டிவிட்டேன். அந்த வரி பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. 'கட்டணங்கள் நிலுவையோடு சேரும்' என்றுதான் எழுதியிருக்கிறது, கட்டணம் என்பதில் வட்டியும் அடங்குமா என்று எங்கும் விளக்கவில்லை. இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.