பலாலியிலிருந்து சென்னைக்குக் கைப்பொதி மட்டும்: அம்மா, அப்பாவை அனுப்பலாமா?

பரந்தன் மகன்:
வணக்கம். அப்பாவின் கண்புரை அறுவைக்காக அம்மாவையும் அப்பாவையும் ஐந்து நாளைக்குச் சென்னைக்கு அனுப்புகிறேன். பலாலியில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குகிறார்கள். இருப்பதிலேயே குறைந்த விலை டிக்கெட்டை எடுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் பொதிக்குரிய வரியில் `Check-in: 0 KG / Cabin: 7 KG` என்று இருக்கிறது. இருவருக்கும் இதேதான். அம்மா அதற்குள் சித்தி வீட்டுக்கென்று ஒரு போத்தல் தேன், மோர்மிளகாய், ஒடியல்மா எல்லாம் கட்டி வைத்துவிட்டார். அப்பா இன்சுலின் போடுகிறவர். இந்த டிக்கெட்டிலேயே சமாளிக்க முடியுமா, அல்லது இருவருக்கும் இப்போதே பொதி வாங்க வேண்டுமா?

மல்லாவிப் பையன்:
கவலை வேண்டாம் அண்ணா. கனமான சப்பாத்தையும் மேற்சட்டையையும் அணிந்துகொண்டு போகச் சொல்லுங்கள், உடுத்தியிருப்பதை யாரும் நிறுப்பதில்லை. தேனைக் கடையில் மூடி முத்திரையிட்ட போத்தலாக வாங்கினால் விடுவார்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்.

ஓமந்தை அக்கா:
தம்பி, முதலாவது சரி, இரண்டாவது தவறு. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைப்பொதியில் திரவம் 100 மில்லிலீட்டர் கொள்ளும் பாத்திரத்தில்தான் போகலாம். பெரிய போத்தலில் கால்வாசி மட்டும் ஊற்றி வைத்தாலும் ஏற்கமாட்டார்கள், ஏனென்றால் பார்ப்பது பாத்திரத்தின் கொள்ளளவை. தேன், நெய், தயிர், ஊறுகாய் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

எங்கள் பக்கத்துத் தேன் 750 மில்லிலீட்டர் சாராயப் போத்தலில்தான் கிடைக்கிறது. தேன் தண்ணீரைவிடக் கனம். அந்த அளவுத் தேன் மட்டும் ஒரு கிலோவைத் தாண்டும், கண்ணாடியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சோதனைச் சாவடியில் தடுக்காவிட்டாலும் ஏழு கிலோவில் அதற்கு இடமில்லை. மோர்மிளகாயும் ஒடியல்மாவும் காய்ந்த பொருட்கள், அவற்றைக் கொண்டுபோகலாம்.

விசுவமடு வாசகர்:
எங்கள் பெரியப்பா கனடா போனபோது இரண்டு பெரிய பெட்டிகளை இலவசமாகவே கொண்டுபோனார். உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

ஓமந்தை அக்கா:
அது நீண்ட தூரப் பயணம், அதன் கட்டணத்திலேயே பொதி அடக்கம். இவர் எடுத்திருப்பது வேறு வகை. பரந்தன் தம்பி, உங்கள் பெற்றோருக்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் தராசு இருந்தால் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்துக் காட்டுங்களேன். நெல் மூட்டை நிறுக்கும் தராசு வேண்டாம், அதை முழுக் கிலோவுக்கு மட்டுமே நம்பலாம், கிராமுக்கு அல்ல. மரக்கறிக் கடையின் தொங்கு தராசு போதும்.

பரந்தன் மகன்:
நிறுத்தேன் அக்கா. எங்கள் சக்கரப் பெட்டி வெறுமையாகவே 3.1 கிலோ. தங்கையின் துணிப்பை 0.9. அப்பாவுக்கு உடுப்பு 2.6, மருத்துவ அறிக்கைக் கோப்பு 0.7, மருந்து 0.6, மின்னேற்றியும் பவர் பாங்கும் 0.5, சோப்பு, பல்துலக்கி வகையறா 0.4. அம்மாவுக்குச் சேலைகள் 2.0, மற்ற உடுப்பு 1.0, விரிப்பும் துவாயும் 1.2, செருப்பு 0.4, சில்லறைப் பொருட்கள் 0.3.

ஓமந்தை அக்கா:
கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. சக்கரப் பெட்டியை எடுத்தால் ஏழு கிலோவில் ஏறக்குறைய பாதி பெட்டிக்கே போய்விடும். அப்பாவின் பொருட்கள் மட்டும் 4.8, இரண்டும் சேர்ந்து 7.9. துணிப்பையில் வைத்தால் அப்பாவுக்கு 5.7, அம்மாவுக்கு 5.8. இருவருக்கும் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தில் மோர்மிளகாயும் ஒடியல்மாவும் போகும். தேனைச் சித்தி மன்னிப்பார். அம்மாவுக்கும் அதே அளவில் இன்னொரு துணிப்பை வாங்கிவிடுங்கள்.

அளவையும் பாருங்கள். வழக்கமாக 55 x 35 x 25 சென்ரிமீற்றர் என்பார்கள், கைப்பிடியும் சக்கரமும் சேர்த்து. பையை நிரப்பிய பிறகு அளக்க வேண்டும். வெளிப்பைகளில் எதையாவது திணித்துவிட்டால் 25 என்பது எளிதில் முப்பதைத் தொடும்.

முறிகண்டி அண்ணன்:
ஒன்றைச் சேர்க்கிறேன், பலாலிக்கு இது முக்கியம். அங்கே வருவது ஏ.டி.ஆர் 72 ரக விமானம், விசிறி வைத்தது. மேலடுக்குகள் சிறியவை. கைப்பொதி அளவுக்குள் இருந்தாலும் கொஞ்சம் தடித்த சக்கரப் பெட்டி உள்ளே நுழையாது. ஏணியடியிலேயே வாங்கிப் பின்பக்கம் ஏற்றிவிடுவார்கள். பணம் கேட்பதில்லைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இன்சுலின் இருந்தால்? பவர் பாங்க் இருந்தால்? பவர் பாங்க் பயணிகளோடுதான் இருக்க வேண்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும், அதனால் கீழே ஏற்றும் பொதியில் வைக்கவே கூடாது.

எனவே அப்பாவின் துணிப்பைக்குள் ஒரு சிறு கைப்பையை மேலாக வையுங்கள். அதில் கடவுச்சீட்டு, இன்சுலின், ஊசி, மருத்துவரின் சீட்டு, பவர் பாங்க், கண் அறிக்கைகள். பையைக் கேட்டால் அதை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளலாம். மருத்துவச் சீட்டு இருந்தால் இன்சுலினை 100 மில்லிலீட்டர் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், ஆனால் சோதனையில் தானாகவே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர்க் கிளினிக் அட்டைகளில் தந்தை பெயர், முதலெழுத்து எல்லாம் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள்.

மல்லாவிப் பையன்:
பவர் பாங்க் 20000 என்று எழுதியிருக்கிறது, விடுவார்களா? என்னிடமும் அதேதான் இருக்கிறது.

முறிகண்டி அண்ணன்:
விடுவார்கள். எல்லை 100 வாட்-மணி. 20000 மில்லி அம்பியர்-மணியை 3.7 வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வருகிறது. எண் அழிந்துபோன பவர் பாங்கைக் கொண்டுபோக வேண்டாம், வாசித்துப் பார்க்க முடியாவிட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

பரந்தன் மகன்:
போகும் வழி தெளிவாகிவிட்டது. திரும்பி வரும்போது? அம்மா சென்னையிலிருந்து வெறுங்கையோடு வருவார் என்று நான் நம்பவில்லை.

ஓமந்தை அக்கா:
யாருமே நம்பமாட்டார்கள். திரும்பும் பயணத்துக்கு ஒருவர் பெயரில் மட்டும் ஒரு பொதி வாங்கிவிடுங்கள். இருவருக்கும் தேவையில்லை. இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் விலையும் விமான நிலையத்தில் மேசையில் வைத்துக் கேட்கும் விலையும் ஒன்றல்ல. மேசையில் கிலோக் கணக்கில் உரித்துவிடுவார்கள். அப்பா பெயரில் வாங்கினால், பொதியை ஒப்படைக்கும்போது அப்பாவும் மேசையில் நிற்க வேண்டும். கண்ணில் கட்டோடு அவரை வரிசையில் நிறுத்தாமல் அம்மா பெயரில் வாங்குவதே நல்லது.

மிளகாய்த்தூளும் கொப்பரைத் தேங்காயும் இந்திய விமான நிலையத்தில் கைப்பொதியில் அனுமதிக்கப்படுவதில்லை. தூள் வாங்கினால் கீழே போகும் பொதியில் வைக்கட்டும். கொப்பரையை வாங்கவே வேண்டாம், எதிலும் ஏற்றமாட்டார்கள்.

விசுவமடு வாசகர்:
அம்மாவின் தோளில் தொங்கும் சிறு கைப்பையையும் ஏழு கிலோவில் சேர்ப்பார்களா?

முறிகண்டி அண்ணன்:
சிலர் தனியாக விடுகிறார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு மேசையில் இருப்பவரைப் பொறுத்தது என்று சொல்வதைத் தவிர எனக்கும் வழி தெரியவில்லை. 5.8 கிலோவுக்குள் நின்றால் ஒரு கைப்பையைச் சேர்த்தாலும் ஏழைத் தாண்டாது. மோர்மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பரந்தன் மகன்:
அம்மாவிடம் சொன்னேன். மோர்மிளகாயைக் குறைக்கச் சம்மதிக்கிறார், தேன் விஷயத்தில் இன்னும் வாதம் நடக்கிறது. 100 மில்லிலீட்டர் மருந்துப் போத்தல்களில் ஊற்றி, ஒளி ஊடுருவும் பைக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார். அப்படிச் செய்தால் எத்தனை போத்தல் விடுவார்கள்?

ஓமந்தை அக்கா:
ஒரு லீட்டர் பைக்குள் மூடி அடங்கும் அளவு. பையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கக் கூடியதாக வாங்குங்கள். ஆனால் பற்பசையும் அதே பைக்குள்தான் போக வேண்டும் என்பதை அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். எடையும் இருக்கிறது, ஐந்து போத்தல் தேன் எழுநூறு கிராம்.