‘பென்ட் நீ’ பிழைக்குத் தமிழில் என்ன?

மெய்யப்பன்:
நடைப்போட்டிப் பயிற்சிக் கையேடு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. நடுவர் மஞ்சள் தட்டைக் காட்டி எச்சரிக்கும் பிழைகள் இரண்டு. இரு பாதமும் தரையில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அதற்குத் ‘தரைவிலகல்’ என்று வைத்திருக்கிறேன். மற்றது ‘பென்ட் நீ’. ‘முழங்கால் மடிப்பு’ என்றே போட்டுவிடலாமா?

சங்கரி:
போடலாம். முழங்காலை மடக்காமல் நடப்பதுதானே இந்த விளையாட்டு? சொல்லும் விதியும் ஒன்றாகவே இருக்கின்றன.

தேவராசன்:
விதி அப்படி இல்லை, சங்கரி. முன்னே வைத்த கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர் கீழே செங்குத்தாக வரும்வரை நீட்டியே இருக்க வேண்டும். அதைத் தாண்டியதும் மடக்கலாம், மடக்கியே ஆகவேண்டும். பின்காலை மடக்காமல் முன்னே கொண்டுவந்தால் பாதம் தரையில் இடிக்கும், இல்லையென்றால் இடுப்பைத் தூக்க வேண்டிவரும். ‘முழங்கால் மடிப்பு பிழை’ என்று படித்துவிட்டுப் புதியவர் மரக்காலில் நடப்பதுபோல் நடப்பார். எந்தக் கால், எப்போது என்பது சொல்லில் இருந்தால் நல்லது. ‘ஊன்றுகால் மடிப்பு’ எப்படி?

அருள்மொழி:
சொல்லாராய்ச்சிக்கு நடுவே கேட்பதற்கு மன்னியுங்கள். இரண்டு கிலோமீட்டர் வேகமாக நடந்தாலே முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் எரிகிறது. இந்த மடிப்பால்தானா?

தேவராசன்:
இல்லை, அது வேறு. குதிகால் முதலில் படவேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அடியிலும் விரல்களைத் தூக்கிப் பிடிக்கிறோம். அந்த வேலை முன்கணைக்கால் தசையுடையது, அது சீக்கிரம் களைக்கிறது. வேகத்தைக் குறைத்தால் எரிச்சல் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் தசைக் களைப்புதான். எலும்பின் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலித்து, ஓய்விலும் போகவில்லையென்றால் நடப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுக் காரணம் இருக்கலாம்: அடியை முன்னால் எட்டி வைப்பது. கணக்குப் போட்டால் புரியும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நிமிடத்துக்கு 150 அடி என்று ஒருவர் நடக்கிறார். அவர் அடி ஏறத்தாழ 95 செ.மீ. 6 நிமிடத்துக்கு இறங்க விரும்புகிறார். அதே 150 அடியில் நடந்தால் ஓர் அடி 111 செ.மீ. ஆகவேண்டும். புதியவர் அந்தக் கூடுதலைக் காலை முன்னே வீசித்தான் எடுப்பார். குதிகால் உடலுக்கு வெகுமுன்னே விழும், அந்தக் காலின் மேல் உடலைக் கொண்டுவர முழங்கால் தளர்ந்து கொடுக்கும். பிழை அங்கேதான் பிறக்கிறது. மாறாக, அடியை 95 செ.மீ.யிலேயே வைத்து 175 அடிக்குப் போனால் வேகம் அதே 6 நிமிடம். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கிக் கையைக் குறுக்கிச் சுருக்கமாக வீசினால் கால் எண்ணிக்கை தானே ஏறும். அடி நீளம் பின்னர், இடுப்புச் சுழற்சியாலும் பின்காலின் உந்தலாலும் மெல்லக் கூடட்டும்.

மெய்யப்பன்:
நீண்ட தூரப் பயிற்சி அத்தியாயத்திலும் இந்தச் சொல் வரும். அங்கே மடிப்பு ஏன் கடைசியில்தான் தலைகாட்டுகிறது?

தேவராசன்:
தொடையின் முன்தசைதான் முழங்காலை நீட்டிப் பிடிக்கிறது. அது களைத்தால் பிடி விடும். அதனால் நீள்நடையின் அளவைத் தூரத்தால் மட்டும் முடிவுசெய்யக்கூடாது. பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் கிலோமீட்டருக்கு ஒருமுறை படம் பிடியுங்கள். 12 கி.மீ. திட்டத்தில் 9-ஆவதில் மடிப்பு தெரிந்தால், மீதி 3 கி.மீ. தவறான நடைக்கான பயிற்சிதான். அடுத்த வாரம் 3 கி.மீ. வீதம் மூன்று துண்டு, நடுவே இரண்டு நிமிடம் மெதுநடை. மூன்றும் சுத்தமாக வந்த பிறகு நான்காவது துண்டு. மெதுநடையைக் குறைப்பது அதற்கும் பிறகு.

சங்கரி:
சரி, மரக்கால் என் தப்பு. ஆனால் ‘ஊன்றுகால்’ மீதும் எனக்கு ஐயம். செங்குத்தைத் தாண்டிய காலும் தரையில் ஊன்றித்தானே இருக்கிறது? அப்போது மடங்கினால் பிழையில்லை என்றீர்கள். ‘முன்கால் மடிப்பு’ என்றால்?

மெய்யப்பன்:
‘முன்கால்’ என்றதும் மாட்டின் முன்கால்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தேவராசன்:
சங்கரி பிடித்தது சரியான இடம். ஆனாலும் ‘முன்கால்’ நடுவரின் பார்வைக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அவர் பார்ப்பது தரை தொடும் காலைத்தான். ‘தொடுகால் மடிப்பு’ என்றும் ஒன்று தோன்றுகிறது, காதுக்குப் பழகவில்லை.

மெய்யப்பன்:
முதல் வரைவில் ‘ஊன்றுகால் மடிப்பு’ போட்டு, செங்குத்து எல்லையை அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறேன். ‘தொடுகால்’ பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள்.