பயிலரங்கு கருத்துப் படிவத்தை வருகைப் பதிவோடு இணைப்பது: ஆள் தெரியாமல் முடியுமா?

மேழி:
ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிலரங்கு முடிந்தது. வருகைப் பதிவேட்டில் 160 பேர். பெயர், செல்பேசி எண், காலை ஒரு கையெழுத்து, பிற்பகல் ஒரு கையெழுத்து. மதியச் சாப்பாட்டோடு கிளம்பியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தனியாகத் தெரிய வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் செல்பேசி எண்ணைக் கேட்டு, அதை ஹாஷாக, அதாவது கணக்கீட்டில் கிடைக்கும் ஒரு குறியீட்டுச் சரமாக மாற்றி, பதிவேட்டோடு சேர்த்தால் யாருடைய பதில் என்று தெரியாதுதானே? படிவத்தின் தலைப்பில் 'யார் என்பது எவருக்கும் தெரியாது' என்று போடலாமா?

பைட்டுப்பண்ணை:
தாராளமாகப் போடலாம். ஹாஷ் ஒருவழிப் பாதை. அதிலிருந்து எண்ணைத் திருப்பி எடுக்க முடியாது. இன்னும் பயமாக இருந்தால் ஹாஷ் செய்யும் முன் எண்ணோடு சால்ட் என்ற கூடுதல் எழுத்துச் சரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

நூல்கண்டு:
அப்படிப் போடாதீர்கள். ஹாஷைத் திருப்ப வேண்டிய அவசியமே இங்கே இல்லை. 160 எண்களும் மேழியின் கையிலேயே இருக்கின்றன. அவற்றை வரிசையாக ஹாஷ் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்:

```python
import hashlib
for n in open("numbers.txt").read().split():
    print(hashlib.sha256(n.encode()).hexdigest()[:12], n)
```

ஒரு நொடிகூட ஆகாது. பதிவேடு இல்லாத ஆளுக்கும் இது பெரிய வேலையில்லை. நம் செல்பேசி எண்கள் பத்து இலக்கம்; 6 முதல் 9 வரையில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேம் விளையாட வாங்கிய ஒரு கணினியே அத்தனையையும் சில நொடிகளில் ஹாஷ் செய்துவிடும். சால்ட்டும் அதை வைத்திருப்பவருக்கு ஒரு தடையே அல்ல. ரகசியச் சாவி போட்டு ஹாஷ் செய்து, அந்தச் சாவியைப் பதிவேட்டையே பார்க்காத இன்னொருவர் வைத்திருந்தால்தான் ஓரளவு பொருள் உண்டு. அப்போதும் பதில்தாளில் ஹாஷ் செய்யாத எண் முதலில் வந்து விழுந்துவிட்டதே? எண்ணைக் கேட்ட உடனேயே பாதிப் பேர் "எல்லாம் நன்றாக இருந்தது" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மேழிக்குத் தேவை ஒவ்வொரு ஆளின் பதில் அல்ல, ஒரு கூட்டத்தின் பதில். ஆகவே பதிலைப் பதிவேட்டிடம் கொண்டுபோகாமல், பதிவேட்டில் உள்ள ஒரே ஒரு தகவலைப் படிவத்துக்கு அனுப்புங்கள். பதிவேட்டை மூன்றாகப் பிரியுங்கள்: நாள் முழுதும் இருந்தவர்கள் 'அ', காலை மட்டும் இருந்தவர்கள் 'ஆ', பிற்பகல் மட்டும் வந்தவர்கள் 'இ'. படிவத்தில் 'பிரிவு' என்று ஒரு கேள்வி வைத்து, மூன்று புள்ளி மெனுவில் முன்கூட்டியே நிரப்பிய இணைப்பை மூன்று முறை எடுங்கள். முகவரியின் கடைசிப் பகுதி மட்டும் மாறும்:

```
.../viewform?usp=pp_url&entry.1234567890=A
.../viewform?usp=pp_url&entry.1234567890=B
.../viewform?usp=pp_url&entry.1234567890=C
```

(அ, ஆ, இ என்றே வைத்தால் முகவரியில் % குறிகளாக நீண்டுவிடும். படிவத்தில் A, B, C என்றே வைத்துக்கொள்ளலாம்.) ஒரு பிரிவில் உள்ள எல்லாருக்கும் ஒரே இணைப்பு. யார் எதை எழுதினார் என்று இணைப்பை வைத்து நீங்களே முயன்றாலும் சொல்ல முடியாது.

பைட்டுப்பண்ணை:
சாவி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே இணைப்பில் ஒருவரே மூன்று முறை போடலாம். 'ஆ' இணைப்பை யாராவது வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால் எல்லாரும் 'ஆ' ஆகிவிடுவார்கள். போடாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டவும் வழியில்லை. ஆளுக்கொரு தற்செயல் எண் கொடுத்தால் இதெல்லாம் தீரும்.

நூல்கண்டு:
மூன்றும் உண்மையான குறைகள்தான். இணைப்பைக் குழுவில் போடவே கூடாது, தனித்தனியாக எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்; பாதி ஆசிரியர்களுக்கு வராது. நினைவூட்டலை எல்லாருக்குமே அனுப்பி, "ஏற்கெனவே அளித்திருந்தால் விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

இரண்டு முறை போடுவதைத் தடுக்க `Limit to 1 response` வைக்காதீர்கள். அதை வைத்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்திருந்தால் முகவரி உங்களுக்கு வராது, உண்மைதான். ஆனால் படிவத்தின் மேலே தன் மின்னஞ்சலைப் பார்க்கும் ஆசிரியர் அதை நம்பமாட்டார்.

தனி எண் முறையில் எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் எங்கோ ஒரு இடத்தில் இருந்தாக வேண்டும். அதை வைத்திருப்பவர் மேழியின் அலுவலகத்துக்கு வெளியே இருந்து, பதிலையும் வருகையையும் அவரே சேர்த்து, பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் அந்த முறையும் நடக்கும். ஆனால் அப்போது 'யாருக்கும் தெரியாது' என்று எழுத முடியாது. 'ஒருவருக்குத் தெரியும், அவர் வெளியிடமாட்டார், இன்ன தேதியில் பட்டியல் அழிக்கப்படும்' என்றுதான் எழுதலாம்.

முல்லைப்பந்தல்:
எங்கள் சங்கத்தில் படிவம் நிரப்பியவர்களுக்குத்தான் சான்றிதழ். யார் நிரப்பினார் என்று தெரியாவிட்டால் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது? நாங்கள் நிரப்பி முடித்ததும் இரண்டாவது படிவத்துக்கு இணைப்புக் கொடுத்து, அதில் பெயர் வாங்கிக்கொள்கிறோம். பதில் ஒரு தாளில், பெயர் வேறொரு தாளில். இது பாதுகாப்புத்தானே?

நூல்கண்டு:
மேழி கேட்டது வேறு, இருந்தாலும் இது பலரும் செய்வது என்பதால் சொல்கிறேன். இரண்டு தாளிலும் முதல் பத்தி நேரம். ஒன்றில் 4:12:08, மற்றதில் 4:12:51. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் கிடைத்துவிடுவார். நேரப் பத்தியை அழித்தாலும் வரிசை அப்படியே நிற்கும்; படிவத்தின் உரிமையாளர் தன் கணக்கில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும் முடியும். இரண்டு படிவத்துக்கும் உரிமையாளர் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். அதைவிட, சான்றிதழைக் கையெழுத்துப் பதிவேட்டை வைத்தே கொடுத்துவிடுவது நல்லது. சான்றிதழுக்காக நிரப்புகிறவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுத்தான் வருவார்.

நேர விஷயம் மேழிக்கும் பொருந்தும். "போட்டுட்டேன் சார்" என்று ஒருவர் 6:05க்கு செய்தி அனுப்பினால் 6:04க்கு வந்த பதில் அவருடையது. பதிவேடு வைத்திருப்பவரும் படிவத்தின் உரிமையாளரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது.

கல்வெட்டு:
நீங்கள் எல்லாரும் பதிலைப் பதிவேட்டோடு இணைப்பது எப்படி என்று பேசுகிறீர்கள். இணைக்கவே வேண்டாம் என்கிறேன். இவர்கள் ஓ.டி.யில், அதாவது பணி நாளாகவே கணக்கிடப்படும் அனுமதியில் வந்த ஆசிரியர்கள். மதியம் கிளம்பினார் என்பது அவர்களுக்கு விளக்கம் கேட்கப்படக்கூடிய விஷயம். 'ஆ' என்று ஏற்கெனவே நிரப்பிய படிவம் வந்தால் "நீ கிளம்பியது எங்களுக்குத் தெரியும்" என்றுதான் அவர் படிப்பார். பதிலே வராது. "எந்த அமர்வுகளில் இருந்தீர்கள்?" என்று படிவத்திலேயே கேட்டால் போதாதா?

நூல்கண்டு:
ஓ.டி. பயம் இருக்கிற இடத்தில்தான் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. கிளம்பியவரும் 'நாள் முழுதும்' என்று குறித்துவிடுவார். இன்னொன்று, படிவத்தில் மட்டும் கேட்டால் யார் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு.

'அ' 96 பேர், 'ஆ' 47, 'இ' 17. பதில் வந்தது முறையே 61, 14, 6. ஐந்துக்குச் சராசரி மதிப்பெண் 4.3, 3.1, 3.5. வந்த 81 பதிலையும் அப்படியே சேர்த்தால் 4.03. ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் வந்திருந்த ஆள் எண்ணிக்கையால் பெருக்கி 160ஆல் வகுத்தால் 3.86. காலையோடு கிளம்பியவர்களில் 30 சதவீதம்தான் பதில் சொன்னார்கள்; இருந்தவர்களில் 64 சதவீதம். அதிருப்தி எங்கே இருந்ததோ அங்கேதான் மௌனமும். பதிவேடு இல்லாமல் இது தெரியவே தெரியாது. பதில் சொல்லாத 33 பேரும் அதே 3.1தான் கொடுத்திருப்பார்கள் என்று நாம் வைத்துக்கொள்கிறோம் என்பதையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

படிவத்திலும் ஒன்று கவனியுங்கள். பிற்பகல் அமர்வைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் 'அந்த அமர்வில் நான் இல்லை' என்று ஒரு விடை வையுங்கள். இல்லாவிட்டால் கிளம்பியவர் மூன்று போட்டு நகர்வார். சராசரி நடுவில் போய் உட்காரும். பாடம், மாவட்டம், பணி ஆண்டு, பாலினம் எதையும் கேட்காதீர்கள். தாவரவியல், 22 ஆண்டு, பெண் என்று மூன்று சேர்ந்தால் 160 பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார்.

கல்வெட்டு:
சரி, அந்த 6 பேர்? பிற்பகல் மட்டும் வந்த 17 பேரும் இரண்டே பள்ளிக்காரர்கள், ஒரே வேனில் வந்தார்கள் என்று வையுங்கள். 'இ' சராசரி 3.5 என்று அச்சிட்டால் அது அந்த இரண்டு பள்ளிகளின் கருத்து என்று எல்லாருக்கும் தெரியும்.

நூல்கண்டு:
நியாயமான கேள்வி. 'இ' வரியை மட்டும் மறைப்பதும் உதவாது. மொத்தத்திலிருந்து 'அ', 'ஆ' இரண்டையும் கழித்தால் மிச்சம் அதுதான். 'ஆ', 'இ' இரண்டையும் சேர்த்து 'பாதி நாள்' என்று ஒரே பிரிவாக்க வேண்டும்: 64 பேர், 20 பதில், சராசரி 3.22. மொத்தச் சராசரி 3.87 ஆகும், பெரிய வித்தியாசமில்லை. இதை இணைப்பு அனுப்பும் முன்பே செய்யுங்கள். அனுப்பிய பிறகு சேர்த்தால் உங்கள் தாளில் 'இ' இருந்துகொண்டே இருக்கும்.

திண்ணைத்தாத்தா:
அடுத்த முறைக்குக் காகிதத்தில் ஒரு வழி. உள்ளே வரும்போது பெயரில்லாத, எண்ணில்லாத அட்டை ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு அமர்வின் வாசலிலும் பஸ் கண்டக்டர் பஞ்ச்சால் ஒரு துளை. கிளம்பும்போது கருத்துத் தாளை அட்டையோடு ஸ்டேப்ளர் அடித்துப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலும் வையுங்கள், கிளம்புகிறவர் அங்கேதான் போவார். கையெழுத்துப் பதிவேடு ஓ.டி.க்குத் தனியாக இருக்கட்டும். இரண்டும் எங்கேயும் சந்திக்காது.

பைட்டுப்பண்ணை:
அட்டையை மாற்றிக்கொண்டால்? கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டால்?

திண்ணைத்தாத்தா:
மாற்றிக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை, அட்டையை வைத்து ஓ.டி. கிடையாது என்பதால். கையெழுத்துப் பிரச்சினை உண்டுதான். எழுதும் பகுதியைக் கிழித்தெடுக்கும் மாதிரி அடியில் வைத்து, பெட்டியைத் திறந்ததும் தனியாகப் பிரித்து, கலைத்து, வேறு ஒருவரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
இணையப் படிவத்திலும் அதையே செய்யலாம். "எங்கள் பள்ளியில் ஆய்வகமே இல்லை" என்று ஒரு வரி வந்தால் பள்ளி தெரிந்துவிடும், பள்ளியோடு பிரிவும் தெரிந்துவிடும். எழுத்துக் கருத்துகளைப் பிரிவுக் குறியில்லாமல் தனித் தாளில், வரிசை கலைத்துக் கொடுங்கள்.

மேழி:
இரண்டு பிரிவு, இரண்டு இணைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். பதிவேடு என்னிடம் இருக்கும், படிவத்தை வேறு ஊரில் உள்ள தோழி தன் கணக்கில் வைத்துக்கொள்வார். தலைப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தப் படிவத்தில் பெயர், எண், மின்னஞ்சல் சேகரிக்கப்படாது. நீங்கள் நாள் முழுதும் இருந்தீர்களா, பாதி நாள் இருந்தீர்களா என்பது மட்டும் மேலே குறிக்கப்பட்டுள்ளது. அதே குறி பலருக்கும் பொது. வேண்டாமென்றால் மாற்றியோ நீக்கியோ அனுப்பலாம்."

கல்வெட்டு:
கடைசி வரி நல்ல வரி. ஆனால் நீக்குகிறவர்கள் பெரும்பாலும் பாதி நாள்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நூல்கண்டு:
'குறிப்பிடவில்லை' என்று தனி வரியில் எண்ணிக்கையை மட்டும் காட்டலாம். மேலே உள்ள பெருக்கல் கணக்கில் அவர்களை எங்கே வைப்பது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பத்துக்கு மேல் போனால் 3.87 என்ற எண்ணையே அறிக்கையில் போடமாட்டேன். இரண்டு பிரிவையும் தனித்தனியாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

பைட்டுப்பண்ணை:
நீக்கும் உரிமையைக் கொடுத்தால் இணைப்பதன் பயனே போய்விடும். குறி இருக்கிறது என்று சொன்னால் போதும், மாற்ற விடக்கூடாது என்றுதான் இப்போதும் சொல்கிறேன்.