வேறு நாட்டு ஓனர் அனுப்பிய பழுது நோட்டீஸை மொழிபெயர்த்துப் படித்தேன். என் பதில் சரியா?

மாடிவீடு

வணக்கம். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஓனர் வேறு நாட்டுக்காரர். அவர் மொழி எனக்குத் தெரியாது, ஆங்கிலம் அவருக்கும் சுமார்தான். நோட்டீஸைப் படம் எடுத்து மொழிபெயர்ப்பு செயலியில் போட்டதில் வந்தது இது:

“கட்டடத்தின் பிரதான நீர்க்குழாய் மாற்றப்படும். 05.03.2026 வியாழக்கிழமை 08.00–16.00 தண்ணீர் நிற்கும். சமையலறைத் தொட்டியின் கீழ்ப்பகுதி காலியாக இருக்க வேண்டும். நுழைவு உறுதி செய்யப்பட வேண்டும். கூடுதல் பயணச் செலவு குடியிருப்பவருக்கு. 20.02.2026க்குள் பதில்.”

மே மாதம்தானே, நிறைய நாள் இருக்கிறது. ஆனாலும் மரியாதைக்கு இப்போதே பதில் அனுப்பிவிடலாம் என்று எழுதினேன். இதை அப்படியே செயலியில் போட்டு அவர் மொழியில் அனுப்பப் போகிறேன்:

“ஐயா, நோட்டீஸ் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம். செவ்வாய், புதன் என்றால் முழுநாளும் இருப்பேன், வியாழன் 11க்கு மேல் வரலாம். அதற்கு முன் என்றால் நண்பர் பார்த்துக்கொள்வார். சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

சுருக்கமாக, மரியாதையாக இருந்தால் போதும். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

குழாய்ப்பணி

தொட்டிக்குக் கீழே கசிவு என்றால் ஓனருக்கு எழுதவே வேண்டாம் சகோ. பெரும்பாலும் வளைகுழாயின் நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் போயிருக்கும். கீழே ஒரு வாளி வைத்துவிட்டு நட்டைக் கையாலேயே கழற்றுங்கள். அதே அளவு வாஷரின் சரிவான பக்கம் இணைப்புக்குள் போகும்படி வைத்து, கையால் முறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு வெடித்துவிடும்.

மாடிவீடு

அண்ணா, என் வீட்டில் கசிவு எதுவும் இல்லை. கட்டடத்துக்கே பொதுவான குழாயை மாற்றுகிறார்கள். கேள்வி பதில் கடிதத்தைப் பற்றி.

நிரஞ்சனா

முதலில் தேதி. அது மே 3 இல்லை, மார்ச் 5. நோட்டீஸிலேயே இரண்டு சாட்சி இருக்கிறது. 2026 மே 3 ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 5தான் வியாழக்கிழமை. அடுத்து, பதில் தர வேண்டிய தேதியாக 20.02 என்று போட்டிருக்கிறார். இருபதாவது மாதம் கிடையாது, ஆகவே அவர் நாளை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் எழுதுபவர். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும்போது 3ஐ 8 என்றும் 1ஐ 7 என்றும் செயலி படித்துவிடுவது உண்டு. அதனால் எண்களையும் கிழமையையும் மட்டுமாவது அசல் தாளில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அது முடியும்.

இனி உங்கள் பதில். தமிழாகப் படித்தால் குறை தெரியாது. செயலிக்குள் போனால்தான் சிக்கல்.

“வியாழன்” என்று மட்டும் எழுதினால் அது கோளும் ஆகும், “செவ்வாய்” அதைவிட மோசம். “வியாழக்கிழமை” என்று முழுதாக எழுதி, பக்கத்தில் தேதியையும் மாதத்தின் பெயரோடு போடுங்கள்.

“11க்கு மேல் வரலாம்” என்பதில் யார் வருகிறார் என்பது இல்லை. நீங்களா, பணியாளர்களா? “லாம்” என்பது அனுமதியா, வந்தாலும் வரலாம் என்ற சந்தேகமா? பேச்சில் நமக்குத் தானாக விளங்கிவிடும். செயலி ஆளை ஊகித்துப் போடும், பாதி நேரம் தப்பான ஆளை. “நண்பர் பார்த்துக்கொள்வார்” என்பதும் அப்படித்தான். அது “கவனித்துக்கொண்டிருப்பார்”, “பராமரிப்பார்” என்றெல்லாம் போய்ச் சேரும். அவர் உண்மையில் என்ன செய்வார்? கதவைத் திறப்பார். அதையே எழுதுங்கள்.

“சிரமத்துக்கு மன்னிக்கவும்” வேண்டவே வேண்டாம். நமக்கு அது வெறும் மரியாதை. பழுது பற்றிய கடிதத்தில் குடியிருப்பவர் மன்னிப்புக் கேட்டால், பழுதுக்கே அவர்தான் காரணம் என்று படிக்க இடம் இருக்கிறது. மரியாதைக்கு ஒரு “நன்றி” போதும்.

கடைசியாக, “எல்லாவற்றுக்கும் சம்மதம்” என்பதை எடுத்துவிடுங்கள். அந்த “எல்லாம்” என்பதில் நோட்டீஸில் செலவு பற்றி வரும் வாக்கியமும் அடக்கம்.

தணிகை77

செலவு என்று போட்டிருந்தால் கட்டத்தான் வேண்டும், இதில் கேட்க என்ன இருக்கிறது? புதுக் குழாயின் காசைக் குடியிருப்பவர் தலையில் கட்டுகிறார். நான் சொல்வது, செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். “கிடைத்தது, நன்றி” என்று மட்டும் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

நிரஞ்சனா

பாதி சரி, தணிகை. கிடைத்தது என்று சொல்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு என்ற பிரிவு சரியானது. ஆனால் கேட்காமல் விட்டால் பில் வந்த பிறகு கேட்க வேண்டிவரும், அப்போது அது சண்டை. இப்போது கேட்டால் வெறும் கேள்வி. அதோடு, அது குழாயின் விலை மாதிரியும் எனக்குத் தெரியவில்லை. “நுழைவு உறுதி” என்ற வரிக்கு அடுத்தே “கூடுதல் பயணம்” வருகிறது. கதவு பூட்டியிருந்து பணியாளர்கள் இரண்டாவது முறை வர நேர்ந்தால், அந்தக் கூலி உங்களுடையது என்பதாகத்தான் இருக்கும். இது என் ஊகம், அவரிடம் கேட்டால்தான் உறுதி.

அதனால்தான் அன்று கதவை யார் திறப்பார் என்பதே உங்கள் பதிலில் முக்கியமான வரி.

குழாய்ப்பணி

சரி, இப்போது புரிந்தது. அப்படியானால் ஒன்று. எல்லா மாடிக்கும் ஒரே நெட்டுக்குழாய்தான் போகும். அதை வெட்டும்போது மொத்த வரிசைக்கும் தண்ணீரை அடைத்தாக வேண்டும். ஆகவே தண்ணீர் அடைக்கும் நேரத்தை உங்களுக்காக மாற்ற மாட்டார்கள், அதைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்குள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை மட்டும் கேட்கலாம். மேலிருந்தோ கீழிருந்தோ வரிசையாக வருவார்கள், மாடியைப் பொறுத்து 11 மணிக்குப் பிறகு உங்கள் முறை வர வாய்ப்பு இருக்கிறது.

தொட்டிக்குக் கீழே காலி செய்வது என்றால் சாமான்களை மட்டும் இல்லை. குழாய் அலமாரியின் பின்பலகைக்குப் பின்னால் போகிறது என்றால் அந்தப் பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும். அதை யார் கழற்றி யார் திரும்ப மாட்டுவது என்றும் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு வரும் சச்சரவில் பாதி இந்தப் பலகையால்தான்.

மாடிவீடு

பலகை இருக்கிறது அண்ணா, திருகு போட்டு மாட்டியது. அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதினால் நீளமாகிவிடாதா? சுருக்கமாக வேண்டும்.

நிரஞ்சனா

சொற்களைக் குறைப்பது சுருக்கம் இல்லை, விஷயங்களைக் குறைப்பதுதான். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய். தமிழில் “நான்”, “நீங்கள்” என்று திரும்பத் திரும்ப வருவது கரடுமுரடாகத் தோன்றும். ஓனர் படிக்கப்போவது அந்தத் தமிழை இல்லையே.

```
வணக்கம்.

நீர்க்குழாய் மாற்றும் பணி பற்றிய உங்கள் அறிவிப்பு
எனக்குக் கிடைத்தது. நன்றி.

பணி நாள் 2026 மார்ச் 5, வியாழக்கிழமை என்று நான்
புரிந்துகொண்டேன். அன்று நான் 11:00 மணி முதல் 16:00 மணி
வரை வீட்டில் இருப்பேன். பணியாளர்கள் 11:00 மணிக்கு முன்
வந்தால், என் நண்பர் அவர்களுக்குக் கதவைத் திறப்பார்.

நான் மார்ச் 4 அன்று சமையலறைத் தொட்டியின் கீழ் உள்ள
பொருட்களை அகற்றுவேன்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன.
1. அலமாரியின் பின்பலகையை யார் கழற்றுவார்கள்?
   பணிக்குப் பிறகு அதை யார் மீண்டும் பொருத்துவார்கள்?
2. "கூடுதல் பயணச் செலவு" என்பது எந்தச் செலவு?
   நான் அதை எந்த நிலையில் செலுத்த வேண்டும்?

நான் உங்கள் அறிவிப்பை மொழிபெயர்ப்பு செயலியில் படித்தேன்.
நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்,
தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

(பெயர்), (வீட்டு எண்)
```

“ஐயா” வேண்டாம், வெறும் வணக்கமே மரியாதைதான். “நுழைய அனுமதிக்கிறேன்” என்று தனியாகவும் எழுதவில்லை, கதவைத் திறப்பார் என்பதிலேயே அது வந்துவிட்டது. “நண்பர்” ஆணா பெண்ணா என்று சில மொழிகளில் செயலி தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியில் மேற்கோளுக்குள் இருக்கும் தமிழை நீக்கிவிட்டு, நோட்டீஸில் அவர் எழுதிய அதே சொற்களை அசலிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். நம் மொழிபெயர்ப்பையே திரும்ப மொழிபெயர்த்தால் அது எந்த வரி என்று அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. அவர் மொழியில் வந்ததை நகலெடுத்து வேறொரு செயலியில் தமிழுக்குத் திருப்புங்கள். அதே செயலியில் திருப்பினால் தன் தவறைத் தானே சரியாகப் படித்துக்காட்டிவிடும். திரும்பி வருவதில் நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நான்கை மட்டும் பாருங்கள்: தேதி, மணி, யார் எதைச் செய்வது, “இல்லை” என்ற சொல் எங்காவது கூடியோ குறைந்தோ இருக்கிறதா. தப்பாக வந்த வாக்கியத்தை அவர் மொழியில் திருத்தப் பார்க்காதீர்கள், தமிழில் உடைத்து எழுதி மறுபடி போடுங்கள். கடிதத்தின் கீழே தமிழ் மூலத்தையும் ஒட்டி அனுப்பினால், சந்தேகம் வந்தால் அவரே அதை வேறு வழியில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.

வாசல்மணி

எனக்கும் இதே போல நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆனால் கீழே ஒரு கட்டமும் கையெழுத்துக் கோடும் இருக்கின்றன. அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலே பதில் ஆகிவிடுமா?

நிரஞ்சனா

கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. “பெற்றுக்கொண்டேன்” என்றால் போடலாம். “சம்மதிக்கிறேன்” என்றோ தொகையோ இருந்தால், அந்த வரியைச் செயலியை நம்பாமல் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகுதான். கட்டத்தில் டிக் போடும் முன்னும் அதேதான்.

தணிகை77

நண்பர் கதவைத் திறப்பார் என்று எழுதிக்கொடுத்தால், நாளைக்கு அவர் வராமல் போனால் மாட்டிக்கொள்வது மாடிவீடு. சாவியை ஓனரிடமே கொடுத்துவிடுவது மேல்.

நிரஞ்சனா

அவர் வராமல் போகலாம் என்பது நியாயமான பயம். ஆனால் சாவியைக் கொடுத்தால் ஆள் இல்லாத வீட்டுக்குள் வேலை நடக்கும், ஏதாவது உடைந்தால் யார் உடைத்தது என்று பேச வேண்டிவரும். எனக்கு நண்பர்தான் தேவலை.

மாடிவீடு

அனுப்பிவிட்டேன். திருப்பிப் பார்த்தபோது நண்பர் “கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்” என்று வந்தது. “நண்பர் வீட்டில் இருப்பார். அவர் கதவைத் திறப்பார்” என்று இரண்டாக உடைத்ததும் சரியாகிவிட்டது.

ஓனரின் பதிலும் வந்துவிட்டது. தேதி மார்ச் 5தான். என் வீட்டுக்கு 11.30க்கு மேல் வருவார்களாம். பலகையைப் பணியாளர்களே கழற்றி மாட்டுவார்கள். செலவுக்கு மட்டும் “ஒப்பந்தம் 9” என்று ஒரே வரி. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, அதில் பயணம் என்ற சொல்லையே காணோம்.

நிரஞ்சனா

ஒன்றரைப் பக்கத்தையும் படமெடுத்து மொத்தமாகப் போடாதீர்கள். உட்பிரிவு உட்பிரிவாகப் பிரித்துப் போட்டு, “நுழைவு”, “வருகை”, “தாமதம்”, “சேதம்” என எது வருகிறது என்று பாருங்கள். அது எந்த உட்பிரிவு என்று அவரிடமே ஒற்றை வரியில் கேட்கவும் கேட்கலாம்: “ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவில் எந்த உட்பிரிவு இதைச் சொல்கிறது?” அதற்கு எண்ணைத்தான் பதிலாகத் தர முடியும், எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

குழாய்ப்பணி

இன்னொன்று. தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் துரு கலந்து பழுப்பாக வரும். குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டு, குளிர்நீர்க் குழாயைத் தெளியும்வரை திறந்து விடுங்கள். கழற்றாமல் விட்டால் வலையில் மண் அடைத்து நீர் மெலிந்துவிடும், அதற்கும் ஓனருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.