அனுபவப் பகிர்வு: சோதித்த பிறகுதான் அழித்தேன், ஆனாலும் ஒரு கோப்பு போனது

கணக்கறை
ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பழைய வருடக் கோப்புகளை 7-ஜிப்பில் கட்டி வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டு, சர்வரில் இருப்பதை அழிப்பது என் பொறுப்பு. அன்று மாலை ஒரு ஃபோல்டரைக் கட்டினேன். மறுநாள் காலை முறையாகச் சோதித்தேன்.

```
7z t kanakku.7z
```

"Everything is Ok" என்று வந்தது. சரி என்று சர்வரில் இருந்ததை அழித்தேன். நெட்வொர்க் ஃபோல்டர் என்பதால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது.

மூன்று மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளரின் தேய்மானக் கணக்கு எக்செல் தேவைப்பட்டது. ஆர்க்கைவில் தேடினால் அது மட்டும் இல்லை. நான் கட்டிய மாலையில் பக்கத்து சீட் அக்கா அதைத் திறந்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு அதேபோல் கட்டிப் பார்த்தேன். முடிவில் ஒரு ஜன்னல் வந்தது: "The process cannot access the file because it is being used by another process." அன்றும் இது வந்திருக்க வேண்டும், படிக்காமல் மூடியிருக்கிறேன். பழைய மெயில் இணைப்பில் ஒரு பிரதி கிடைத்தது. ஆனால் கடைசித் திருத்தங்கள் அதில் இல்லை. அவற்றை அக்காவும் நானும் ரசீதுகளை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து மீண்டும் போட்டோம்.

சோதனை சரி என்று சொன்னதே, அது எப்படி?

பழையடேப்
சோதனை பொய் சொல்லவில்லை அம்மா. கட்டும்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிஆர்சி எண் ஆர்க்கைவுக்குள்ளேயே எழுதப்படும். `t` செய்வது, உள்ளே இருப்பதை விரித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒத்துப் பார்ப்பது மட்டுமே. வந்தவர் பேரை மட்டும் எழுதிய பதிவேட்டைப் பார்த்து, வராதவர் யார் என்று எப்படிச் சொல்ல முடியும்? விடுபட்ட எக்செல்லுக்கு உள்ளே பதிவே இல்லை.

ஆனால் அந்த "Ok" வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் வந்திருக்கும்:

```
Folders: 41
Files: 2315
```

மூல ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அங்கே 2,316 என்று இருந்தால் அழிக்காதீர்கள். எண்ணிக்கை ஒத்துவந்தால் மொத்த பைட்டையும் `Size` வரியோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று: கட்டுவதற்கு முன் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, `~$` என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் யாரோ அந்த எக்செல்லைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லினக்ஸ்_மதுரை
இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் நான் டாரில் கட்டுகிறேன். `tar -df kattu.tar.gz` கொடுத்தால் டிஸ்க்கில் உள்ள மூலத்தோடே ஒப்பிடும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் தைரியமாக அழிக்கலாம்.

பழையடேப்
பாதி சரி தம்பி. மூலத்தோடு ஒப்பிடுவதால் வெறும் சிஆர்சி சோதனையைவிட நல்லதுதான். ஆனால் அதுவும் ஆர்க்கைவில் உள்ள பெயர்களை வைத்துத்தான் டிஸ்க்கில் தேடும். டிஸ்க்கில் இருந்து ஆர்க்கைவில் இல்லாததைப் பற்றி வாயே திறக்காது. படிக்க அனுமதி இல்லாத ஒரு கோப்பை டார் விட்டுவிட்டால், `-d` உங்களை எச்சரிக்காது. நான் வேறொரு டிஸ்க்கில் விரித்து இதைக் கொடுப்பேன்:

```
diff -r moolam viritthathu
```

ஒரு பக்கம் மட்டும் இருப்பதை "Only in" என்று காட்டிவிடும். நேரம் ஆகும், இடமும் வேண்டும். திரும்பக் கிடைக்காத கோப்பு என்றால் இதைத்தான் செய்வேன்.

லினக்ஸ்_மதுரை
இப்போதே ஒரு புதுக் கோப்பைப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. உண்மைதான், `-d` எதுவுமே சொல்லவில்லை. இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஸ்டூடியோ_தஞ்சை
என் ஜிப் திறக்கவே மாட்டேன் என்கிறது, சிஆர்சி எரர். சரிசெய்ய வழி உண்டா? கல்யாணப் படங்கள். பென் டிரைவில் எழுதின கையோடு சோதித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

பழையடேப்
சிஆர்சி கெட்டதைக் காட்டும், சரிசெய்யாது. பழுதில்லாத படங்களை மட்டும் தனியாக விரித்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சோதித்தது சரியாக வந்ததற்குக் காரணம், எழுதின கையோடு படித்தால் தரவு கணினியின் நினைவகத்திலிருந்தே வந்துவிடக்கூடும் என்பது. பென் டிரைவில் எது போய்ச் சேர்ந்தது என்று அப்போது தெரியாது. முறையாக எஜெக்ட் செய்து, பிடுங்கி, மறுபடி செருகிச் சோதிக்க வேண்டும்.

ஸ்டூடியோ_தஞ்சை
எஜெக்ட் செய்துவிட்டுத்தான் பிடுங்கினேன் ஐயா. மறுவாரம் வேறு கணினியில் திறந்தபோதுதான் எரர்.

பழையடேப்
அப்படியென்றால் டிரைவே பழுதாகியிருக்கலாம், அந்தக் கணினியின் போர்ட்டாகவும் இருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது. பழைய கணினியில் செருகி இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள். அதுவரை அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள்.

கணக்கறை
எண்ணிக்கை ஒப்பிடும் வேலையை இன்று மற்ற வருடங்களுக்கும் செய்ய ஆரம்பித்தேன். ஏற்கெனவே அழித்தவற்றுக்கு மூல எண்ணிக்கை என்னிடம் இல்லை. அழிக்காத இரண்டு ஃபோல்டரில் ஒன்று ஒத்துவந்தது, இன்னொன்றில் 3 குறைகிறது. எவை என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.